கீல் பக்கத்துக் கால்

தறிக்கூடத்து வாசக்காலைத் துடைத்துக்கொண்டிருந்த பரிமளாவின் கட்டைவிரல் பெயின்ட்டோடு உள்ளே அமுங்கியது. விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. அவள் கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். தனகோடி ஸ்பானரின் பின்முனையால் மேலிருந்து கீழ்வரை தட்டிப் பார்த்தான். எல்லா இடத்திலும் ஒரே சத்தம்தான். ஒரே சத்தமாக இருந்தால் மரம் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?

"ஈரத்துல பெயின்ட்டு உப்பிகினு இருக்குது. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

சில வாரங்கள் கழித்து, சுவரின் அடியிலிருந்து வாசக்காலை நோக்கி மண்கோடு ஒன்று ஏறியது. இம்முறை பரிமளா அவனிடம் கேட்கவில்லை. கண்ணமங்கலத்துத் தச்சன் சார்லிக்கு போன் செய்தாள். மரவேலையோடு கரையானுக்கு மருந்து வைப்பதும் சார்லியின் தொழில்.

தனகோடிக்கு அது பிடிக்கவில்லை. கரையானைவிட வேறொன்றுக்கு அவன் அஞ்சினான். ஆரணியில் அவன் தெருவிலும் அடுத்த தெருவிலும் யாருடைய விசைத்தறி முரண்டு பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே கோளாறு எங்கே என்று சொல்லிவிடும் காது என்று அவனுக்குப் பெயர். அந்தக் காது மங்கத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. கூர்மையான ஒலிகள் ஒவ்வொன்றாய் விலகிப்போய், மிச்சமெல்லாம் பஞ்சு சுற்றியதுபோல் ஒரே மொத்தையாகக் கேட்டன. தறியின் மேல் சாய்ந்து நிற்பதுபோல் நின்று, சட்டத்தில் உள்ளங்கையை வைத்து அதிர்வைக் கொண்டே கோளாற்றைக் கண்டுபிடித்து வந்தான். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மறுநாளே வேறு ஆளைத் தேடுவார்கள் என்பது அவன் எண்ணம்.

சார்லி வந்ததும் முதலில் இரண்டு தறிகளையும் நிறுத்தச் சொன்னான். பாதி நெய்த பட்டின்மேலும் தறியில் நீள ஓடும் பாவுநூலின்மேலும் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினான். பிறகு வாசக்காலைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாண்ணா, ஊருக்கெல்லாம் கோளாறு சொல்ற காது, சொந்த வூட்டு வாசக்கால உட்டுடுச்சே?"

"வூட்டு வேலைய யாரு கவனிக்கறா" என்று தனகோடி சமாளித்தான்.

சார்லி ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் பூட்டுப் பக்கத்துக் காலைத் தட்டிக்கொண்டே இறங்கினான். கணுக்கால் உயரத்துக்கு வந்ததும் நின்றான். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து லேசாக அழுத்தினான். எதிர்ப்பே இல்லாமல் பாதி வரை இறங்கியது. இழுத்தபோது மண்ணும் வெளுத்த பூச்சிகளும் உதிர்ந்தன.

"பாருங்க அண்ணி. பெயின்ட்டு மட்டும் தோலு மாதிரி நிக்குது. உள்ள தின்னுட்டு மண்ண ரொப்பி வச்சிருக்குது. இந்தத் தார் சட்டிய எப்பவும் இங்கதான் வெப்பீங்களா?"

ஊடைநூல் சுற்றிய தார்க்குச்சிகளை நனைத்து வைக்கும் தண்ணீர்ச் சட்டி வாசக்காலை ஒட்டியே இருந்தது. "வெளிச்சம் இங்கதான நல்லா வருது" என்றாள் பரிமளா.

"செல்லுப் பூச்சிக்கு ஈரந்தான் விருந்து. மொதல்ல அத நவுத்துங்க. அண்ணா, கீலு பக்கத்து கால நீங்க தட்டுங்க. சத்தம் மார்ற எடத்துல ஒரு கோடு. உங்க காது இருக்கறப்ப நான் எதுக்கு ரெண்டு வேலை பாக்கணும்?"

தனகோடி தட்டினான். மேலே தட்டியதும் கீழே தட்டியதும் ஒன்றாகவே கேட்டன. ஓரக்கண்ணால் சார்லியின் கோட்டைப் பார்த்து, அதே உயரத்தில் தானும் ஒன்று போட்டான்.

"மேல நல்லாருக்குது இல்ல?"

"கெட்டியா இருக்குது."

நூல் சுற்றிக்கொண்டிருந்த பரிமளா தலைநிமிர்ந்து பார்த்தாள். மறுபடி நூலுக்குக் குனிந்தாள்.

"அப்ப கீலுக்கு ஆபத்தில்ல. வாசக்கால பேக்க வேணாம், சொவர இடிக்க வேணாம். குழியில ஃபில்லர அடச்சே முடிச்சிடலாம்" என்று சார்லி டிரில்லை எடுத்தான். கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, கோடுகளுக்குக் கீழே சாய்வாகத் துளைகள் போட்டு, மரம் இனி குடிக்காது என்னும்வரை ஊசியால் மருந்து ஏற்றினான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் துளையிட்டு மண்ணுக்குள்ளும் மருந்து ஊற்றினான். பூச்சி வருவது மண்ணிலிருந்து. மரத்துக்கு மட்டும் வைத்தால் மறுபடியும் வரும் என்றான். ஜன்னல்களைத் திறந்து வைத்து, மருந்து காயட்டும், பிறகு வருகிறேன் என்று கிளம்பினான்.

தறி ஓடாத கூடத்தில் தனகோடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சார்லி வருவதாகச் சொன்ன காலையில், வழக்கமான பழக்கத்தில் கீல் பக்கத்துக் காலின் ஒரு முகத்தில் உள்ளங்கையை வைத்து, மறுமுகத்தில் ஸ்பானரால் தட்டினான். உச்சியில் அடி கையில் சுரீரென்று ஏறியது. கீழே வரவர அது மழுங்கியது. அடிக்கீல் இருந்த இடத்தில் அடி கைக்கு வந்து சேரவே இல்லை. தான் போட்ட கோட்டுக்கு ஒரு சாண் மேலே. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினான். வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

கதவின் கனம் முழுவதும் அந்தக் காலில்தான் தொங்குகிறது. அதைத் தாண்டித்தான் பரிமளா நாள் முழுவதும் போய்வருகிறாள். மறுபடி தட்டியதில் சத்தம் வேறாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டான்.

சார்லி வந்து ஃபில்லர் டப்பாக்களைப் பிரித்தான். "அண்ணா, கலக்கறதுக்கு முன்ன மேல்கட்டையையும் ஒரு தட்டு தட்டிச் சொல்லிடுங்க."

தனகோடி அவன் நீட்டிய ஸ்பானரைக் கையில் வாங்கினான். வைத்திருந்த பொய் இதற்குப் போதாது என்று புரிந்தது. அவன் ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தான்.

"நீயே தட்டு சார்லி. எனக்கு அந்தச் சத்தமெல்லாம் கேக்கறதில்ல. அன்னிக்கு உன் கோட்டப் பாத்துதான் போட்டேன். அடிக்கீலு வரைக்கும் போயிருக்குது. இப்ப கைய வச்சுதான் கண்டுபுடிச்சேன்."

சார்லி அவனையும் வாசக்காலையும் மாறிமாறிப் பார்த்தான். அடிக்கீலருகே தட்டினான். முகம் மாறியது. "நான் ஃபில்லர அடச்சிருந்தா கீலு ஸ்க்ரூவெல்லாம் அப்பிடியே கழண்டு வந்திருக்கும்ணா. நானும் தட்டிப் பாத்திருக்கணும். தப்பு என்னுதும்தான்."

"அன்னிக்கே சத்தம் மார்றது எனக்குக் கேட்டுச்சு" என்றாள் பரிமளா, கை வேலையை நிறுத்தாமல். "அவராச் சொல்லட்டும்னு இருந்தேன். டப்பாவ கலக்கறப்ப நான் சொல்லியிருப்பேன்."

"அப்ப என் காது விஷயம்..."

"பக்கத்துல நின்னு கூப்டா திரும்பாத மனுசன வேற எப்பிடி நெனைக்கறது? என் மேல கோவம்னு கொஞ்ச நாளு நெனச்சிகினு இருந்தேன்."

சார்லி மேல்கட்டையைத் தட்டினான். நல்லவேளை, அது கெட்டியாக இருந்தது. கீல் பக்கத்தில் புதிதாகத் துளையிட்டு மருந்து ஏற்றினான். தறிகள் மேலும் இரண்டு நாள் நின்றன. காய்ந்த பிறகு கதவைக் கழற்றி, இற்றதையெல்லாம் சுரண்டி எடுத்து, மிஞ்சிய மரத்தில் இறுக்கும் திரவத்தைத் தடவினான். கீல் உட்கார வேண்டிய இடத்தை நல்ல மரம் வரை சதுரமாக வெட்டியெடுத்து, அங்கே தேக்குத்துண்டு ஒன்றைப் பசையிட்டுப் பொருத்தினான்; ஃபில்லர் மட்டும் ஸ்க்ரூவைத் தாங்காது. மற்ற குழிகளில் ஃபில்லரின் இரு பாகங்களையும் பிசைந்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பினான். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துக் கதவை மாட்டினான்.

"இப்ப நான் தட்டறேன், நீங்க கைய வெய்ங்க" என்றான்.

அடிக்கீலருகே அடி கையில் வந்து விழுந்தது. பழைய மரத்தின் சுரீர் இல்லை. ஆனால் சாகவும் இல்லை. "பிடிச்சிகினு இருக்குது" என்றான் தனகோடி.

கதவை இன்னும் ஒருமுறை திறந்து மூடுவதற்குள் போன் அடித்தது. பரிமளாதான் எடுத்தாள். அடுத்த தெருப் பழனி. தறியில் ஏதோ தட்டுகிறதாம், அண்ணன் வந்து கேட்டுச் சொல்ல முடியுமா என்றான். அவள் போனைக் கையில் வைத்தபடி கணவனைப் பார்த்தாள்.

தனகோடி போனை வாங்கி நன்றாகக் காதோடு அழுத்திக்கொண்டான். "வரேன் பழனி. ஆனா சத்தம் எங்க வருதுன்னு நீதான் பக்கத்துல நின்னு சொல்லணும். எனக்கு இப்ப காது சரியில்ல. நான் கைய வச்சுப் பாக்கறேன்."

மறுமுனையில் பழனி சொன்னது அவனுக்குப் பிடிபடவில்லை. பரிமளாவிடம் போனை நீட்டினான். "இன்னா சொல்றான்?"

"ஜல்தி வரச் சொல்றான்" என்றாள்.