மூன்றாவது கிளை

அடையாறிலிருந்த எங்கள் கம்பெனி செய்து கொடுத்த கொதிகலன், 1974-இல் சோதனை ஓட்டத்திலேயே வெடித்தது. திட்டமே கைவிட்டுப் போயிற்று. கொதிகலனைக் கவனித்துவந்த வலியுல்லாவுக்குக் கை வெந்துவிட்டது. வேலையும் போகும் என்று பேசிக்கொண்டார்கள்.

அவரைக் காப்பாற்றத்தான், எது எதனால் நடந்தது என்று கிளை கிளையாகக் காட்டும் பிழை மரத்தை, இன்ஜினியரான நான் வரைந்தேன். உச்சியில் வெடிப்பு. அதன் கீழே மூன்று கிளைகள். மூன்றும் சேர்ந்தால்தான் வெடிக்கும். அழுத்தம் ஏறியதும் எரியெண்ணெயை நிறுத்த வேண்டிய சுவிட்ச் சிக்கிக்கொண்டது. நீரழுத்தச் சோதனைக்காகப் பாதுகாப்பு வால்வு திறக்காதபடி மாட்டிய கிளாம்பை யாரும் கழற்றவில்லை. அழுத்தம் ஏறியபோது வலியுல்லா பக்கத்தில் இல்லை; திரும்பி வந்து வாசலில் நுழையும்போதுதான் வெடித்தது. அதற்கும் கீழே ஒரு கட்டம் போட்டு எழுதினேன்: விருந்தினருக்கு டீ வாங்கிவர மேனேஜர் அனுப்பியிருந்தார்.

மேனேஜர் சிதம்பரநாதன் படத்தை நிதானமாகப் பார்த்தார்.

"மூணுல ஒண்ணு நடக்கலேன்னாலும் வெடிச்சிருக்காது. அப்படித்தானேம்மா?"

"ஆமா சார். கிளாம்பைக் கழட்டியிருந்தாகூட..."

"வலியுல்லா அங்கேயே நின்னிருந்தா?"

"வெடிச்சிருக்காது சார்."

"அது போதும்மா."

மறுநாள் வலியுல்லா வேலைநீக்கக் கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தார். கடிதத்தோடு என் படத்தையும் குத்தியிருந்தார்கள். அடிப்பகுதியைக் கத்தரித்திருந்தார்கள். மேலே என் கையெழுத்து அப்படியே இருந்தது.

"நீங்க போட்ட படமாமே," என்றார். "நல்லாத்தான் கீது. என்னை டீ வாங்க அனுப்புனது மட்டும் எங்கம்மா போச்சு?"