வீடு பாத்துக்குங்க

காலையில் ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தபோது போன் கூவியது. மாடி வீட்டு அக்காவின் மெசேஜ்; அவள்தான் வீட்டுக்காரி. மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு தரம் படித்தேன்.

"வாடகையைக் கொஞ்சம் கூட்டலாம்னு இருக்கேன், யோசிச்சு சொல்லுங்க. அடுத்த மாசம் நாங்க மகன்கிட்ட போறோம். வீடு பாத்துக்குங்க."

பதினோரு வருஷமாக இந்த முன்னறையில்தான் மெஷின் போட்டிருக்கிறேன். துணி கொடுப்பவர்கள் எல்லாரும் இந்தச் சந்துக்காரர்கள். வேறு தெருவுக்குப் போனால் என்னை எந்த நாய் தேடி வரும்? போ என்றால் போகிறேன், கெஞ்ச மாட்டேன் என்று தட்டினேன்: "முப்பதாம் தேதி காலி பண்ணிடுறோம். அட்வான்ஸை எடுத்து வையுங்க."

"சரி" என்று ஒரே வார்த்தை வந்தது. பாவி, எவ்வளவு லேசாகச் சொல்கிறாள் என்று நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தேன்.

சாயங்காலம் என் நாத்தனார் வந்தாள். வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்கிறவள். போனைக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள்.

"இதுல காலி பண்ணச் சொல்லி எங்க அண்ணி இருக்கு?"

"வீடு பாத்துக்கச் சொல்றாளே!"

"வேற வீடுன்னு இருக்கா? தேதி இருக்கா? ஊருக்குப் போறாங்க, அவங்க வீட்டைப் பாத்துக்கச் சொல்றாங்க. அது உதவி கேக்குறது. வாடகை விஷயத்துல 'கூட்டலாம்னு இருக்கேன், யோசிச்சு சொல்லுங்க'ன்னா, இன்னும் முடிவு பண்ணலைன்னு அர்த்தம். எவ்வளவுன்னுகூடச் சொல்லல. பேசிக் குறைச்சிருக்கலாம்." திரையைக் கீழே தள்ளினாள். முகம் மாறியது. "அய்யோ அண்ணி, தேதி போட்டு நோட்டீஸ் குடுத்தது நீங்கதான்! அவங்க சரின்னும் சொல்லிட்டாங்க. இனி அவங்க மனசு வச்சாத்தான் அதைத் திரும்ப வாங்க முடியும்."

செருப்புக்கூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன்.

அக்கா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தப்பாகப் படித்துவிட்டேன், போக மாட்டேன், நீங்கள் சொல்கிற வாடகையைத் தருகிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் கையிலிருந்த புடவை நழுவியது.

"கடவுளே! உங்களுக்கு என்மேல என்ன கோவமோன்னு தெரியாம நான் அழுதுட்டு இருந்தேன். சொந்த வீடு கட்டிட்டீங்களோன்னுகூட நெனச்சேன். எதிர் வீட்டு மெக்கானிக் வந்து உங்க வீட்டைக் கேட்டார். மத்தியானமே அட்வான்ஸ் வாங்கிட்டேனே!"

"திருப்பிக் குடுத்துடலாம்க்கா."

"பேப்பர்ல கையெழுத்தும் போட்டாச்சு."

இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். மேஜை மேல் மாடி வீட்டுச் சாவிக்கொத்து இருந்தது. அதைப் பார்த்தபடி அக்கா சொன்னாள், "இதை யார்கிட்ட குடுக்குறதுன்னுதான் இப்ப தெரியல."