வழுக்காத பெல்ட்

சுண்ணாம்புக்கல் குவாரியில் மழை பெய்துகொண்டிருந்தது. கல்லை ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட் அருகே பேச்சித்தாய் நனைந்தபடி நின்றாள். போன மாதம் இதே போன்ற மழையில் பெல்ட் வழுக்கி நின்றுவிட, அதை இழுக்கும் டிரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பிடிப்புக்காக இரண்டுக்கும் நடுவே சாக்கைத் திணிக்கப் போய்த்தான் அவள் புருஷன் செந்தூர்பாண்டி செத்தான். அவனுடைய அவசரப் புத்திதான் காரணம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

“இப்போ வழுக்கலையே, அண்ணாச்சி?” என்று ஃபிட்டர் காசிலிங்கத்திடம் கேட்டாள்.

“டிரம்முல தேஞ்ச ரப்பர் உறையை மாத்தியாச்சு, தாயி. கீழ அந்தச் சின்ன உருளையையும் மாட்டியாச்சு. முன்னால பெல்ட் டிரம்மைப் பாதிதான் சுத்துச்சு. உருளை, திரும்பிப் போற பெல்ட்டை மேல தள்ளி இன்னுங் கொஞ்சம் சுத்த வைக்குது. அந்தக் கொஞ்சத்துக்கே பிடி மடங்கு கணக்குல ஏறும்.”

“உருளை எங்கன வாங்குனாவ?”

காசிலிங்கம் தலைகுனிந்தான். “ஸ்டோர்லதான் கெடந்துச்சு. மாட்டணும்னா ஒரு நாள் பெல்ட்டை நிறுத்தணும். மேனேஜர் விடல. செந்தூரும் கேட்டுக்கிட்டேதான் இருந்தான்.”

“அவுக செத்த அன்னைக்கு நிறுத்துனாவல்லா?”

“நிறுத்துனாவ. அப்பதான் மாட்டுனோம்.”

மழை வலுத்தது. ஈரக் கல்லைச் சுமந்துகொண்டு பெல்ட் தயங்காமல் ஓடியது. ஒரே ஒரு தடவை அது வழுக்கினால் போதும், உருளை இருந்திருந்தாலும் அவர் போயிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பேச்சித்தாய் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெல்ட் வழுக்கவில்லை.