பிடரியில் வைத்த கை

ஆம்பூரில் வெயில் கொளுத்திய மதியம். மனைவி முபஷ்ஷிரா குளிக்கப் போனதும், ஒவைஸ் இருபது நாள் மகளின் விரல்களைத் தொட்டான். சில்லென்றிருந்தன. பதறிப்போய் ஏசியையும் ஃபேனையும் நிறுத்தி, மகளைக் கம்பளியில் சுற்றிக் குல்லாயும் போட்டுவிட்டான்.

சற்று நேரத்தில் குழந்தை முகம் சிவந்து வீறிட்டது. ஓடிவந்த முபஷ்ஷிரா அதன் பிடரியில் கைவைத்தாள், வியர்வையில் நனைந்திருந்தது.

"இன்னாங்க பண்ணீங்க? பச்சைக்குழந்தைக்குக் கை கால் சில்லுன்னுதான் இருக்கும். நெஞ்சையும் பிடரியையும் தொட்டுப் பாக்கணும்னு நர்ஸ் சொன்னாங்களே!"

கம்பளியையும் குல்லாயையும் உருவினாள். ஏசியை இருபத்தாறில் வைத்து, காற்று நேராகப் படாமல் திருப்பினாள். அழுகை மெல்ல அடங்கி, குழந்தை பால் குடித்தது.

"நீ வர்றதுக்கு இன்னும் லேட்டாயிருந்தா..." என்று ஆரம்பித்த ஒவைஸ், மகளின் பிடரியில் மெல்லக் கைவைத்துப் பார்த்தான்.