கயிறு கை மாறிய பிறகு

ஆட்டுத் தரகனிடம் எண்ணிக்கை பேசக் கூடாது. பேசினால் அவன் வாய்க்குள்ளே போய் விழுந்தோம் என்று அர்த்தம். போன முறை காவேரி பேசி விழுந்திருந்தாள். "காலையில இருந்து நான் எத்தனை வேலை செஞ்சேன், நீங்க எத்தனை?" என்று கேட்க, ஆட்டுத் தரகனான அவள் புருஷன் மாதேஷ் சிலிண்டர் தூக்கியது, கரண்டு பில் கட்டியது என்று ஒவ்வொன்றாய் எடுத்து வைத்து கணக்கைச் சமன் செய்துவிட்டான். குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தையில் வளர்ந்த வாய்.

இந்த முறை அவளுக்கு அவசரம். அவள் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியில் லைன் லீடர் ஆகச் சொல்லியிருந்தார்கள்; திங்கட்கிழமை பதில் வேண்டும். ஏற்றால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

ஞாயிறு மத்தியானம், அவன் வயிறு நிறைந்து சாய்ந்திருந்த நேரம் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, நீங்க ஒண்ணும் செய்யலன்னு சொல்ல வரல. பஸ்ஸ விட்டு இறங்கினதும் அடுப்பு முன்னால நிக்கறேன். உங்ககிட்ட நாலு வார்த்தை பேசக்கூட தெம்பில்ல. லீடர் வேலைக்கு ஆசையா இருக்கு. ராத்திரி சாப்பாட்டை நீங்க எடுத்துக்கணும்."

"அவ்ளோதானா? என்ன செய்யணும்னு சொல்லு, செஞ்சுடறேன்."

"சொல்றதுதாங்க பாதி வேலை. தக்காளி இருக்கா, மாவு புளிச்சுதா, நேத்து சாம்பார்னா இன்னைக்கு என்னன்னு லைன்ல நிக்கும்போதும் எனக்கு அதே யோசனை. அந்த யோசனையும் சேர்த்து உங்களுது ஆகணும்."

மாதேஷின் வாய் பழக்கத்தை விடவில்லை. "வாரத்துல மூணு நாள்?"

காவேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் என்ன கெடா ஓட்டிக்கிட்டா வந்திருக்கேன்?"

அவனும் சிரித்தான். "சந்தை நாள்ல நானே வர லேட்டாகுமே?"

"அதுக்கு என்ன வழின்னு நீங்களே பாருங்க. கடையில வாங்கினாலும் சாப்பிடறேன்."

"சரி. ஆனா ஒண்ணு. ஆட்டை வித்து கயிறு கை மாறிட்டா, வித்தவன் தழை போட வரக் கூடாது. நான் சமைக்கறப்ப நீ கரண்டியத் தொடாத. ஒரு மாசம் பார்ப்போம். சரிப்படலன்னா மறுபடி உக்காந்து பேசலாம்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கேட்பதைவிட அடுப்பை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "சரிங்க" என்றாள்.

திங்கட்கிழமை லீடர் வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு இருட்டில் வந்தாள். அடுப்பு மேடையெல்லாம் கடுகு. தாளிப்பு கருகிய வாசம். கை தானாகக் கரண்டிக்குப் போயிற்று. மாதேஷ் அந்தக் கையைப் பார்த்தான். கையை இழுத்துக்கொண்டு, அதைக் கழுவிவிட்டு, தட்டின் முன் உட்கார்ந்தாள்.

"என்ன குழம்பு?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவளுக்குக் கேட்க வாய்க்காத கேள்வி அது.