முதலாளியின் சம்பளம்

என் கணவர் லெனாட் கத்தாரிலிருந்து வந்து மூன்று வருடங்கள். வந்த அன்றே இனிப் போவதில்லை என்றார். நான் மெழுகுதிரிக் கட்டோடு யாகப்பர் கோயிலுக்கு ஓடினேன். ஒன்பது வருடம் போனிலேயே குடும்பம் நடத்தியவளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மிச்சம் பிடித்துக்கொண்டு வந்த முப்பது லட்சத்தையும் குருநகரில், கடற்கரைப் பக்கமாக ஒரு பலசரக்குக் கடையில் போட்டார். அன்றிலிருந்து ஊருக்கு அவர் முதலாளி. நான் யார் என்று ஊர் கேட்கவில்லை. மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்தால் பின்னேரம் வரை நானும் அங்கேதான் பருப்பு நிறுத்துக்கொண்டு நிற்பேன்.

போன மாசியில் கத்தாரிலிருந்து அவருடைய பழைய மேற்பார்வையாளர் போன் எடுத்தார். பண்டகசாலையில் இவர் பார்த்த அதே வேலை காலியாகிறதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"எனக்கேன் அந்த வேலை? என்ரை கடையிலை மாசம் ஒரு லட்சம் லாபம் எடுக்கிறன்," என்றார் இவர் போனை வைத்துவிட்டு, கடைக்கு வந்தவர்களுக்கும் கேட்கும்படி. எனக்கு உச்சி குளிர்ந்தது. பருப்பைக் கொஞ்சம் கூடவே போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தலைக்கனத்தோடுதான் அம்ஜத்தைக் கூப்பிட்டார். அம்ஜத் எங்களுக்குச் சாமான் போடுகிற மொத்த வியாபாரி. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது குடும்பத்தோடு புத்தளம் போய், வளர்ந்த பிறகு திரும்பி வந்து தகப்பனின் கடையை மறுபடி திறந்தவர். அவர் பதினைந்து லட்சம் போட்டால் கடையைப் பெருப்பிக்கலாம், லாபத்தில் சரிபாதி கொடுக்கலாம் என்பது இவருடைய திட்டம்.

சனிக்கிழமை மத்தியானம் அம்ஜத் வந்து ஒரு பிஸ்கற் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"வாங்கின விலை, வாடகை, கரண்ட், பழுதாப் போறது எல்லாம் போக மாசம் தொண்ணூற்றெட்டாயிரம் நிக்குது," என்றார் இவர்.

"வீட்டுக்கு எடுக்கிற அரிசி, பால்மா?"

"அதையெல்லாம் ஆர் எழுதுறது?"

"அதுவும் கடை தந்ததுதானே அண்ணை. பன்னிரண்டு போடுவம். அப்ப ஒரு லட்சத்துப் பத்து."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கேளாமலே லாபம் கூடியிருக்கிறதே.

"எத்தினை மணிக்குத் திறக்கிறனீங்கள்?"

"அஞ்சுக்கு. படகு வாற நேரம் பாணும் சிகரட்டும் நல்லாப் போகும். பூட்ட இரவு ஒன்பது தாண்டும்."

"உங்கடை சம்பளம் எவ்வளவு?"

"முதலாளிக்கென்ன சம்பளம்? வாற லாபம் எனக்குத்தானே."

அம்ஜத் சோடாவை ஒரு மிடறு குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அதிலை அரைவாசியை நான் எடுத்தா உங்கடை கூலியிலை கை வைச்ச மாதிரி. நாளைக்கு நீங்கள் வருத்தமெண்டு படுத்தா இவ்வளவு நேரத்துக்கும் ரெண்டு ஆள் வேணும். ஆளுக்கு நாற்பத்தைஞ்சு. தொண்ணூறு போக இருபது நிக்கும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்காவுக்கு எவ்வளவு?"

"அவ வீட்டு ஆள்," என்றார் என்னுடைய ஆள்.

"அவ வராட்டி ஒரு பிள்ளையை வைக்கோணும். இருபத்தைஞ்சு. அப்ப ஐயாயிரம் துண்டு விழுது. முப்பது லட்சத்தைப் பாங்கிலை போட்டிருந்தா வரி போக மாசம் பதினெட்டாயிரம் வட்டி வந்திருக்கும். அதையும் கடைதான் உழைச்சுத் தரோணும். எல்லாமாக இருபத்திமூண்டு நட்டம்."

மூன்று வருடத்தில் முதல்முறையாக ஒருவர் எனக்கும் சம்பளம் போட்டிருக்கிறார். சந்தோசமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? பிறகு இவருடைய முகத்தைப் பார்த்தேன். சந்தோசப்பட்டதற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"கத்தார்ச் சம்பளத்தையும் விட்டுட்டு வந்தனே. அதையும் கழிக்கோணுமே?" என்று இவர் கேட்டார். வாங்கிய அடி போதாதென்று.

"ரெண்டையும் சேர்த்துக் கழிக்கக்கூடாது அண்ணை. ஒருத்தர் ஒரு இடத்திலைதான் நிக்கலாம். கடை நல்லதோ எண்டு பார்க்க ஆள்சம்பளத்தைப் போடுங்கோ. நீங்கள் நிக்கிறதோ போறதோ எண்டு பார்க்கத்தான் கத்தார்ச் சம்பளம். அது வேறை கணக்கு."

கூட்டுக்கு அவர் வரவில்லை. விற்கிற யோசனை வந்தால் சொல்லுங்கோ என்றுவிட்டுப் போனார்.

மறுநாள் பூசை முடிந்து நானும் மகளும் இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் யாவாரம் கூட. அதனால் மூன்று வருடமாக இவருக்குப் பூசை இல்லை. மகள் வெளியே கூட்டாளிகளோடு நின்றாள். அந்த இரண்டாவது கணக்கை இவர் தானாகவே போட்டு வைத்திருந்தார்.

"அங்கை சம்பளம் ஒரு லட்சத்து எண்பது. என்ரை சாப்பாட்டுச் செலவு நாற்பது போக ஒண்டு நாற்பது. கடைக்காசை பாங்கிலை போட்டா வட்டியோடை ஒண்டு ஐம்பத்தெட்டு. இஞ்சை ரெண்டுபேரும் முறிஞ்சு ஒண்டு பத்து. நான் இஞ்சை நிக்கிறதுக்கு மாசம் நாற்பத்தெட்டாயிரம் குடுக்கிறம் ஜெசி."

"ஆறு மணிக்குப் பூட்டினால்?"

"அறுபதுதான் மிஞ்சும். அதிலை என்ன செய்யிறது? வீட்டுக் கூரை இன்னும் தகரம்தான்."

நாற்பத்தெட்டாயிரம். மலிவு என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது. புருசன் பக்கத்தில் இருக்க அவ்வளவு கொடுத்தால் என்ன? ஆனால் கோயிலில் நடந்தது ஞாபகம் வந்தது. மறைக்கல்வி ரீச்சர் மகளிடம், "அப்பா இன்னும் வெளிநாடுதானோ?" என்று கேட்டார். பிள்ளை ஒரு கணம் யோசித்துவிட்டு, "ஓம் ரீச்சர்," என்று சொல்லிவிட்டது. விளங்கப்படுத்தப் பஞ்சியாக, அலுப்பாக இருந்திருக்கும். இவர் கடை திறக்கப் போகும்போதும் அவள் நித்திரை, பூட்டிவிட்டு வரும்போதும் நித்திரை. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது இவருடைய குறட்டையைத்தான்.

"போங்கோ," என்றேன்.

மறித்துப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. தேத்தண்ணியைக் குடிக்காமலே போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனார். மேற்பார்வையாளரோடு இங்கிலிசில் பணிவாகப் பேசுவது கேட்டது. அந்தக் குரலை நான் மறந்திருந்தேன்.

கடையை அம்ஜத்தே எடுத்தார். சாமானுக்கு வாங்கின விலை, குளிர்பெட்டிக்கு அரைவிலை, பெயருக்கும் உழைப்புக்கும் ஒன்றுமில்லை. சாமான் அடுக்கும் தட்டுகளுக்கும் பெயின்ருக்கும் போட்டது போய், முப்பது லட்சத்தில் இருபத்திரண்டு திரும்பியது. மாத வட்டியும் பதினெட்டாயிரத்திலிருந்து பதின்மூன்றாகிவிட்டது. இப்போது கடை காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைதான். விடியப்புறத்து யாவாரம் ஆள்சம்பளத்துக்குக் கட்டாது என்கிறார் அம்ஜத். அவருக்கு மொத்த விலையில் சாமான் வருவதால் அது போதும். என்னை அதே தராசடியில், மாதம் இருபத்தைந்துக்கு வைத்திருக்கிறார்.

நான் முதல் சம்பளம் எடுத்த அன்று இரவு எட்டு மணிக்கு இவர் போன் எடுத்தார்.

"கடை எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுது. உங்கடை இடத்திலை சுபாஸ் எண்டொரு பெடியன் நிக்கிறான். நாற்பத்தைஞ்சு."

"ஆறு மணிக்குப் பூட்டினாப் பிறகு அவனுக்கு என்ன வேலை?"

"ஒண்டுமில்லை. வீட்டை போயிடுவான். சின்னப் பிள்ளையள் ரெண்டாம்."

மகளைக் கூப்பிடட்டோ என்று கேட்டேன். நித்திரை கொள்ளட்டும் என்றார். மகள் அப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.