பெருமைக்கு ஒரு பக்கம் போதவில்லை

தலைமை மருத்துவர் தனக்கு விருது கேட்டுத் தானே எழுதிய நான்கு பக்கங்களைத் தலைமை நர்ஸிடம் நீட்டினார்.

"ஒரு பக்கத்துக்கு மேல போகக்கூடாதாம். சுருக்கிக் குடும்மா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்."

'ஒப்பற்ற', 'அயராத' போன்றவற்றை நர்ஸ் அடித்ததும் ஒரு பக்கம் காணாமல் போனது. ஆதாரமில்லாத வரிகளையும் அடித்தார். அறுவைசிகிச்சை வார்டில் புண்ணில் சீழ் பிடிப்பது குறைந்தது என்ற ஒரே வரி தப்பியது.

பதிவேட்டைப் பார்த்தார். முதல் ஆறு மாதத்தில் இருநூறு அறுவைசிகிச்சைக்குப் பதினெட்டுப் பேருக்குச் சீழ். அடுத்த ஆறு மாதத்தில் இருநூற்றுப் பத்துக்கு ஆறு பேர். நடுவில் மாறியது ஒன்றுதான். வாசலில் வைத்த கைச்சுத்த மருந்து தீரவே இல்லை என்று கவனித்த துப்புரவு அக்கா, கட்டிலுக்கு ஒரு பாட்டில் மாட்டினார். அதன்பின் மருந்து மூன்று மடங்கு செலவானது. "இது வார்டா, கடையா?" என்று அன்று கத்தியவர் தலைமை மருத்துவர்.

அக்கா செய்தது, எண்கள், இணைப்பாகப் பதிவேட்டு நகல். பரிந்துரை அரைப் பக்கத்தில் முடிந்தது.

மருத்துவர் இரண்டு முறை படித்தார். "என் பேரு எங்கம்மா?"

"கீழ இருக்கு சார். பரிந்துரைக்கறவர் கையெழுத்துக்குப் பக்கத்துல."

மணி நாலே முக்கால். வேறு எழுத நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

விருது அக்காவுக்கே கிடைத்தது. பாராட்டு விழாவில் அக்கா இரண்டு நிமிடம் பேசினார். மருத்துவர் நாற்பது நிமிடம் பேசினார்.